வேலையிழந்து போனவருக்கு ஒரு மாதம் கழித்து எழுதுவது

தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒருவர் தானாக வேலையை விட்டால், அவர் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நோட்டீஸ் காலம் என்று அதற்குப் பெயர். அந்த மாதங்களில் தன் வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். டீக்கடையில் நிற்கிற எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். கடைசி நாள் பிற்பகலில் கேக் வெட்டுவார்கள். அந்தக் கேக்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அன்று மாலை அவர் எல்லோருக்கும் அனுப்புகிற மெயிலின் மேல் உண்டு. 'இன்று என் கடைசி வேலைநாள்' என்று தொடங்கி, பத்துப் பேருக்கு நன்றி சொல்லி, அடியில் சொந்த மெயில் முகவரியையும் கைபேசி எண்ணையும் தருவார்கள். அந்த இரண்டு வரிதான் பின்னாளில் தொடர்பு அறுந்துபோகாமல் காக்கிறது.

ஆட்குறைப்பில் போகிறவருக்கு இந்த மெயிலை அனுப்ப வழியில்லை. காலையில் 'ஒரு பத்து நிமிடம் வாருங்கள்' என்று அழைப்பு வரும். உள்ளே மேலாளரும் மனிதவளத் துறை ஆளும் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு முடிந்து அவர் தன் இருக்கைக்குத் திரும்பும்போது கணினி திறக்காது. 2022 நவம்பரில் ட்விட்டர் தன் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை நீக்கியபோது, நீக்கக் கடிதம் வருவதற்கு முன்பே பலருக்கு மடிக்கணினி பூட்டிக்கொண்டது. அடுத்த இரண்டே மாதத்தில், 2023 ஜனவரி 20 அன்று, கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அமெரிக்காவில் பலர் அலுவலக மெயிலைத் திறக்க முடியாமல் போன பிறகே தங்களுக்கு வேலை இல்லை என்பதை அறிந்தார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சென்னையில் அதைப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

ஏன் இப்படித் திடுதிப்பென்று? எல்லாமே கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. வேலை முடிந்த ஆளின் அனுமதிகளை உடனே நீக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 27001 என்கிற தகவல் பாதுகாப்புத் தரச்சான்றின் விதிகளில் ஒன்று. தங்கள் தரவு யார் கைக்கும் போகக் கூடாது என்று வாடிக்கையாளர்களும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறார்கள். கோபத்தில் ஒருவர் நிரல்களை நகலெடுத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் நிறுவனத்துக்கு எப்போதும் உண்டு. ஆனால் கணினி அனுமதியை நீக்கியபின் அவரைப் பத்து நிமிடம் தன் குழுவோடு உட்கார விடுவதை எந்தத் தரச்சான்றும் தடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை மறுப்பது நிர்வாகத்தின் சொந்த முடிவு.

மறுக்கப்பட்ட அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகத்தான், மூன்று நான்கு வாரம் கழித்து யாரோ ஒருவர் கைபேசியை எடுத்து, 'இப்போது அனுப்பினால் என்ன நினைப்பார்?' என்று யோசித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். பெரும்பாலும் அந்தச் செய்தி அனுப்பப்படாமலே போகிறது. அதை அனுப்பலாமா, எப்போது, எந்த வழியில், என்ன எழுதுவது என்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஆனால் இதில் உள்ள எதுவும் அபூர்வமானதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனம். மென்பொருள் சோதனைக் குழுவில் ஒன்பது வருடம் இருந்தவர், வயது நாற்பதைத் தாண்டியவர், ஒரு புதன்கிழமை நீக்கப்படுகிறார். அதே குழுவில் ஆறு வருடம் அவரோடு வேலை பார்த்த பெண், நிரல் எழுதுபவர், அந்த வாரம் அக்கா மகளின் காதுகுத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தார். கூட்டங்களில் அவரைப் பெயர் சொல்லியும் டீக்கடையில் 'அண்ணா' என்றும் கூப்பிட்டுப் பழகியவர். திங்கட்கிழமை திரும்பி வந்தால் பக்கத்து மேசை காலியாக இருக்கிறது. அலுவலக அரட்டைச் செயலியில் அவர் பெயருக்குக் கீழே கணக்கு முடக்கப்பட்டது என்று நிற்கிறது. மேலாளர் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்: "அவர் இப்போ நம்ம கம்பெனியில இல்லை."

முதல் வாரம் அவர் எழுதாததற்குக் காரணம் பயம். அடுத்த பட்டியலில் நம் பெயரும் இருக்குமோ என்கிற பயம். போனவரோடு பேசுவது தெரிந்தால் என்ன ஆகும் என்கிற பயம். இரண்டாம் வாரம் போனவரின் வேலையும் சேர்ந்து தலையில் விழுகிறது, நேரமில்லை. மூன்றாம் வாரம் வெட்கம் வந்துவிடுகிறது: இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன சொல்வது? தப்பிப் பிழைத்தவர்களுக்கு வருகிற இந்தக் கலவையைப் பற்றி டேவிட் நோயர் என்ற அமெரிக்க ஆலோசகர் 1993இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். வேலை தங்கியவர்களிடமும் பயம், குற்றவுணர்வு, கோபம் எல்லாம் தங்கிவிடுகின்றன என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம்.

வெட்கம் சொல்கிற கணக்கு தவறு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி ஆட்களிடம் சொன்னார்கள். எழுதியவர்களிடம் 'பெறுபவருக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டு, பெற்றவர்களிடமும் உண்மையில் எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகையாக எண்ணியிருந்தார்கள். அவருக்கு எவ்வளவு மகிழ்ச்சி வரும் என்பதைக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். 2018இல் வந்தது அந்த ஆய்வு. 2022இல் பெகி லியூவும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: தொடர்பு எவ்வளவு எதிர்பாராததோ, பெறுபவர் அதை அவ்வளவு அதிகமாகப் பாராட்டுகிறார். அனுப்புபவர் தன் தடுமாற்றத்தைப் பார்க்கிறார். பெறுபவரின் கண்ணுக்கு அது படுவதே இல்லை. 'இவருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறதே' என்பதுதான் படுகிறது.

இதெல்லாம் தெரிந்தும் அனுப்ப மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. லாரா அக்னின், கிலியன் சேண்ட்ஸ்ட்ராம் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுப்போன நண்பர் ஒருவருக்கு எழுத விருப்பமும் அவரது தொடர்பு எண்ணும் எழுதுவதற்கு நேரமும் இருந்தவர்களில்கூட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள்.

காலத்தைப் பற்றி என் கருத்து ஒன்று உண்டு. வேலை போன முதல் வாரம் ஒருவருடைய கைபேசி ஓயாது. கணக்குத் தீர்ப்பு எப்போது, விடுவிப்புக் கடிதம் எப்போது, நிறுவனம் கொடுத்த குடும்ப மருத்துவக் காப்பீடு எந்த நாளோடு முடிகிறது, மடிக்கணினியை யாரிடம் ஒப்படைப்பது என்று அலைச்சல் ஒரு பக்கம். 'என்ன ஆச்சு, எப்படி ஆச்சு' என்று கேட்கும் அழைப்புகள் இன்னொரு பக்கம். அந்த வாரத்தில் வருகிற செய்தி பத்தோடு பதினொன்று. நாலாவது ஐந்தாவது வாரம் அழைப்புகள் நின்றுவிடும். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து வேலை விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அப்போது வருகிற ஒரு செய்திக்குத்தான் மதிப்பு அதிகம். ஆகவே தாமதத்தை மன்னிப்புக் கேட்க வேண்டிய குற்றமாக நினைக்க வேண்டாம். மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரை நல்ல காலம்தான். ஆறு மாதம் ஆகிவிட்டால் எழுதக் கூடாது என்றில்லை. ஆனால் அதற்குள் அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கலாம், செய்தியின் தொனியும் அதற்கேற்ப மாற வேண்டும்.

அடுத்தது வழி. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கையில் இருக்கிற அலுவலக மெயில் முகவரிக்கே அனுப்பிவிட்டு, மெயில் திரும்பி வரவில்லை, அதனால் படித்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நீக்கப்பட்டவரின் கணக்கில் உள்ளே நுழைவதை மட்டும் தடுத்திருந்தால், அந்தப் பெட்டி தொடர்ந்து மெயில்களை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். கணக்கை முழுதாக அழித்த பிறகும்கூட மைக்ரோசாஃப்ட் 365 அதை 30 நாள் வரையும், கூகுளின் அலுவலகச் சேவை 20 நாள் வரையும் மீட்டெடுக்கக் கூடியதாக வைத்திருக்கிறது. இதைவிட முக்கியம், வாடிக்கையாளர் கடிதம் எதுவும் தவறிவிடக் கூடாது என்பதற்காக, போனவரின் மெயில்களை அவருடைய மேலாளருக்குத் திருப்பிவிடுவது பல நிறுவனங்களில் வழக்கம். 'உங்களுக்கு நடந்தது அநியாயம் அண்ணா' என்று நீங்கள் உருகி எழுதியதை, நீக்கியவரே காலை காபியோடு படிப்பார்.

வாட்ஸ்அப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில நிறுவனங்கள் ஊழியருக்கு சிம் அட்டையும் தருகின்றன. அப்படிப்பட்ட எண்ணை அவர் திருப்பிக் கொடுத்திருந்தால், அது வேறு ஊழியர் கைக்குப் போயிருக்கும். அதனால் முதலில் எண் சொந்த எண்தானா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால், இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவரைப் பிடித்து, அவரிடம் எண்ணைக் கேட்காமல், 'நான் எழுத விரும்புகிறேன், என் நம்பரை அவரிடம் கொடுங்கள், இல்லை அவரிடம் கேட்டுவிட்டு அவர் நம்பரைத் தாருங்கள்' என்று சொல்வது மரியாதை. மனிதவளத் துறையிடம் கேட்பது வீண். அவர்கள் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

லிங்க்ட்இன் மூன்றாவது வழி. அங்கே தனிச்செய்தியாக எழுதலாம். அவர் தன் பக்கத்தில் வேலை தேடுவதாகப் போட்ட பதிவுக்குக் கீழே எல்லோரும் பார்க்க எழுதுவது பிரியாவிடை ஆகாது. 'சிறந்த மனிதர், யார் எடுத்தாலும் பாக்கியசாலி' என்று அங்கே முப்பது பேர் எழுதியிருப்பார்கள். நீங்கள் முப்பத்தொன்றாவது ஆளாக எழுதலாம், அது அவருக்கு வேலை தேட உதவும். ஆனால் அது வேறு காரியம்.

எந்த வழியானாலும் சொந்தக் கைபேசியில், சொந்த இணைய இணைப்பில் எழுதுங்கள். அலுவலக மடிக்கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்து எழுதுவது, கண்காணிப்பு மென்பொருள் இருக்கும் இடங்களில் மேலாளர் முன்னால் உட்கார்ந்து எழுதுவதற்குச் சமம்.

இப்போது கோவில்பட்டி போய்வந்த பெண்ணிடம் திரும்புவோம். ஐந்தாம் வாரம் ஒரு சனிக்கிழமை அவர் எழுதிப் பார்த்த முதல் வடிவம் இப்படி இருக்கிறது:

"அண்ணா, எப்படி இருக்கீங்க? ரொம்ப ரொம்ப சாரி. நான் அன்னிக்கு ஊர்ல இருந்தேன், அப்புறம் ரிலீஸ் வேலை, அப்புறம் பாப்பாவுக்கு காய்ச்சல், அதான் கூப்பிட முடியல. எனக்கே கில்ட்டியா இருக்கு, தூக்கமே வரல. ஏன் உங்களைப் போய் எடுத்தாங்கன்னு புரியல, உங்களை விட மோசமானவங்க எல்லாம் இருக்காங்க. இங்க நிலைமை படுமோசம், நீங்க போனதே நல்லது. உங்க டெஸ்ட் ஷீட்டைத்தான் இன்னும் ஓட்டிட்டு இருக்கோம். வேற எங்கயாவது பாத்துட்டீங்களா? என்ன உதவினாலும் கேளுங்க. எல்லாம் நல்லதுக்குத்தான்."

அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் இதைப் படிக்கிறவரின் இடத்தில் இருந்து பாருங்கள். முதல் பாதி முழுக்க எழுதியவரின் குற்றவுணர்வு. தூக்கம் வரவில்லை என்று வேலை இருப்பவர் சொல்லும்போது, வேலை இல்லாதவர் 'பரவாயில்லம்மா, நீ வருத்தப்படாதே' என்று ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. துக்கம் கேட்க வந்தவருக்கு வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற கதை.

'உங்களைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள்' என்பது ஆபத்தான வரி. நீக்கப்படும்போது பலரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். நிறுவனத்தைப் பற்றித் தவறாகப் பேச மாட்டேன், நீக்கத்தின் விவரங்களை வெளியிட மாட்டேன் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கக்கூடும். கொடுக்க வேண்டிய இழப்பீடு அந்தக் கையெழுத்தைப் பொறுத்தே வருவதும் உண்டு. உள்ளே இருக்கும் ஒருவர் இப்படி எழுதினால் அவரும் பதிலுக்கு மனதில் இருப்பதைக் கொட்டுவார். அது யாருடைய கைபேசியில் இருந்து யாருக்குத் திரைப்படமாகப் போகும் என்று சொல்ல முடியாது. தவிர, பெயர் சொல்லாவிட்டாலும், மிஞ்சியிருக்கிற இன்னொரு சகஊழியரை அந்த வரி பட்டியலில் ஏற்றிவிடுகிறது.

'டெஸ்ட் ஷீட்டை இன்னும் ஓட்டுகிறோம்' என்பதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஒருவேளை அவரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என்னை வேண்டாம் என்றவர்கள் என் உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் அது காதில் விழும். இதற்குப் பதிலாக, அவரிடம் கற்றுக்கொண்ட ஒன்றைத் தான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதினால் அந்த முள் போய்விடும். நிறுவனம் வைத்துக்கொண்டது வேறு, இளையவர் ஒருவர் கற்றுக்கொண்டது வேறு.

'வேறு எங்காவது பார்த்துவிட்டீர்களா?' என்ற கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால் அவர் பதிலே எழுத மாட்டார். பதில் வராமல் போகிற செய்திகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியால்தான் அப்படி ஆகின்றன என்பது என் அனுமானம். 'என்ன உதவியானாலும் கேளுங்கள்' என்பது கேட்க முடியாத உதவி. கேட்பவர் முதலில் என்ன கேட்பது என்று யோசித்து, பிறகு இவரால் முடியுமா என்று எடைபோட்டு, அதன்பிறகு தன்மானத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்க வேண்டும். 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று முடிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். ஒரே ஒரு ஞாபகம் மிஞ்ச வேண்டும். அவர் செய்த வேலையில் உங்களுக்கு மட்டும் தெரிந்த, துல்லியமான ஒன்று. 'நீங்கள் சிறந்த உழைப்பாளி' என்பதை முன்பின் தெரியாதவரும் எழுதலாம். நீக்கப்பட்டவருக்கு நிறுவனம் சொன்னது 'உங்கள் பணியிடம் தேவையில்லை' என்பது. ஒன்பது வருடத்தில் தான் செய்த எதுவாவது யாருக்காவது தேவைப்பட்டதா என்பதுதான் அந்த வாரங்களில் அவர் மனதில் ஓடுகிற கேள்வி. அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் மேலாளர் இல்லை, பக்கத்து மேசையில் இருந்தவர்தான்.

இந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு ஞாபகம் இருக்கிறது. சில்லறை விற்பனைக் கடைகளுக்கான பில் மென்பொருள் அவர்கள் செய்தது. ஜிஎஸ்டி கணக்கிடும்போது ஒவ்வொரு பொருளுக்கும் வரியைத் தனித்தனியாகப் பைசா முழுமையாக்கிக் கூட்டினால் ஒரு தொகை வரும். எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் முழுமையாக்கினால் வேறு தொகை வரும். வித்தியாசம் ஒன்றிரண்டு பைசாதான். 'இது ஒரு பிரச்சினையா?' என்று குழுவே கேட்டது. ஆயிரக்கணக்கான பில்கள் ஓடினால் கணக்குப் புத்தகமும் வரிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்த நிரலை எழுதியவர் இவர்தான். பழி தன் மேல் விழும் என்று பயந்துகொண்டிருந்தவரிடம் அவர் சொன்னது: "இது உன் தப்பு இல்லம்மா, நமக்குக் கொடுத்த விவரத்திலேயே எழுதல." அதன் பிறகு எந்தக் கணக்கை எழுதினாலும் எங்கே முழுமையாக்குவது என்று முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இவருக்கு வழக்கமாகிவிட்டது.

அதை வைத்து எழுதிய இரண்டாவது வடிவம்:

"அண்ணா, நான் பில்லிங் டீம்ல உங்க பக்கத்து சீட். நீங்க கிளம்பின அன்னிக்கு நான் ஊர்ல இருந்தேன், நேர்ல சொல்ல முடியாம போச்சு; லேட்டா ஆனாலும் சொல்லணும்னு எழுதறேன். அந்த ரெண்டு பைசா வித்தியாசத்தை நீங்க விடாம பிடிச்சுட்டு நின்னது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருது. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அது என் தப்பு இல்லைன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எங்க ரவுண்ட் பண்ணணும்னு கேக்காம நான் ஒரு கணக்கும் எழுதினது இல்ல. அதை உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். லிங்க்ட்இன்ல உங்களைப் பத்தி ஒரு சிபாரிசு எழுதி வச்சிருக்கேன். வேணும்னா மட்டும் 'சரி'ன்னு சொல்லுங்க, அனுப்பறேன், மாத்தணும்னா மாத்திக்கலாம். இதுக்கு பதில் போடணும்னு இல்ல அண்ணா. அண்ணிக்கும் பசங்களுக்கும் என் அன்பு."

முதல் வரியில் யார் என்று சொல்லிவிட்டார், எண் அவரிடம் சேமிக்கப்படாமல் இருக்கலாம் என்பதால். தாமதத்துக்கு ஒரே வாக்கியம். பாப்பாவின் காய்ச்சல் போய்விட்டது. வாடிக்கையாளர் பெயர் இல்லை, தொகை இல்லை, நிரல் விவரம் இல்லை. அதனால் நிறுவன ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உதவி, ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய அளவுக்குச் சிறியது. லிங்க்ட்இன் சிபாரிசு பெறுபவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர் பக்கத்தில் தெரியும், திருத்தம் கேட்கவும் முடியும் என்பதால் அவர் விருப்பத்தை மீறி எதுவும் நடந்துவிடாது. ஆனால் அது உங்கள் மேலாளர் கண்ணிலும் படும். அதற்குத் தயாரில்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். பிறகு பின்வாங்குவதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல். அவர் விண்ணப்பிக்கிற இடத்தில் பழைய சகஊழியர் யாரையாவது விசாரிக்க வேண்டும் என்றால் உங்கள் பெயரைத் தரலாம் என்பதும் இதுபோன்ற ஓர் உதவிதான், அதுவும் உங்கள் நிறுவனம் அதை அனுமதித்தால்.

ஆட்குறைப்பு மட்டும் பிரியாவிடையைப் பறிப்பதில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஓய்வுபெறும் மாதத்தின் கடைசி நாள் என்றால் பொன்னாடை, மாலை, ஜாங்கிரி, மிக்சர், சட்டம் போட்ட வாழ்த்து மடல், வீடுவரை கொண்டுபோய் விடுவது என்று ஒரு முறையே இருக்கிறது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. அந்த மார்ச் 31இலும் ஏப்ரல் 30இலும் ஓய்வுபெற்றவர்களுக்கு இவை எதுவும் இல்லை. பலர் வீட்டில் இருந்தபடியே ஓய்வுபெற்றார்கள். அதற்கு மேல் ஓர் அடியும் விழுந்தது. மே 7 அன்று தமிழக அரசு ஓய்வு வயதை 58இல் இருந்து 59ஆக உயர்த்தியது. மே 31 அன்று ஓய்வுபெற வேண்டியவர்களுக்கு ஒரு வருடம் கூடியது. ஏப்ரல் 30இல் போனவர்களுக்கு ஒரு வார இடைவெளியில் அந்த வருடமும் போயிற்று.

அவர்களுக்கு அந்த மே, ஜூன் மாதங்களில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர்களில் பலர், 'ஒரு வாரத்தில் தவறிப்போச்சே சார்' என்றுதான் பேச்சைத் தொடங்கியிருப்பார்கள். மேலே சொன்ன 'ஏன் உங்களைப் போய் எடுத்தார்கள்' என்ற வரியின் அரசு அலுவலக வடிவம் அது. வேலை போன விதத்தைப் பற்றி, போனவர் முதலில் பேசாதவரை நாம் பேசக் கூடாது. ஓய்வுபெற்றவருக்கு எழுதும்போது மாறுகிற ஒன்று உண்டு: அவருக்குச் சிபாரிசு தேவையில்லை, நேரம் இருக்கிறது. அவருக்கு எழுதுவதைவிடக் கூப்பிட்டுப் பேசலாம். முடிந்தால் ஒரு நாள் நேரில் போகலாம். வேலை தேடிக்கொண்டிருப்பவரை முன்னறிவிப்பில்லாமல் கூப்பிடுவது சரியில்லை. தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால் நேர்காணல் அழைப்போ என்று எடுத்துவிட்டு அவர் ஏமாறுவார்.

அனுப்பியாயிற்று. நீலக் குறி வந்துவிட்டது, பதில் இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? பெரும்பாலும் புரிந்துகொள்ள எதுவுமில்லை. படித்துவிட்டார், அவ்வளவுதான். 'கிடைத்ததா?' என்று மறுபடி கேட்கக் கூடாது. கேட்டால் 'பதில் போட வேண்டியதில்லை' என்று எழுதியது பொய்யாகிவிடும். கைகூப்பிய படம் ஒன்று மட்டும் வந்தால் அதுவே முழுப் பதில். நீளமாக, கோபமாக, நிர்வாகத்தைத் திட்டி வந்தால், அதற்கு வரிக்கு வரி பதில் எழுத வேண்டாம். கூப்பிட்டுக் கேளுங்கள், பேச்சில் முடியட்டும், எழுத்தில் நிற்க வேண்டாம். அவர் வேறொரு உதவி கேட்டால், முடியுமா முடியாதா என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பார்க்கிறேன் என்று இழுத்தடிப்பதை நிறுவனங்களே அவருக்குப் போதுமான அளவு செய்துகொண்டிருக்கின்றன. எதுவும் வராவிட்டால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லோருக்கும் அனுப்புவதுபோல ஒரு வாழ்த்து அனுப்பினால் போதும்.

எழுதவே கூடாத சந்தர்ப்பமும் உண்டு. அவர் நீக்கத்தில் உங்கள் கை இருந்திருந்தால், அதாவது தர மதிப்பீட்டில் நீங்கள் அவரைக் கீழே போட்டிருந்தாலோ, பெயர்ப் பட்டியல் தயாரான அறையில் உட்கார்ந்திருந்தாலோ, இந்த வகைச் செய்தி உங்களுக்கானது இல்லை. நீங்கள் எழுத வேண்டியது ஒழுங்கான விடுவிப்புக் கடிதமும், யாராவது விசாரித்தால் சொல்ல வேண்டிய நேர்மையான வார்த்தையும். அவர் வழக்குத் தொடுத்திருந்தாலும் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்திருந்தாலும், நீங்கள் அதில் சாட்சியாகக் கூடும் என்றால், அது முடியும்வரை பொறுத்திருப்பது இருவருக்கும் நல்லது.

கடைசியாக, எண் இல்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு தகவல். டீ குடிக்கப் போகிறவர்களுக்கோ கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கோ அலுவலகத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். அவரும் அதில் இருந்து சத்தமில்லாமல் விலகியிருப்பார். இப்போது விலகுவது நிர்வாகிகளுக்கு மட்டும்தான் அறிவிக்கப்படுகிறது என்பதால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்தக் குழுவின் விவரப் பக்கத்தில், உறுப்பினர் பட்டியலின் அடியில், முன்னாள் உறுப்பினர்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. அவர் பெயர் அங்கே 60 நாள்தான் இருக்கும். இன்றைக்கே பாருங்கள்.